ரிமோட் வேலைக்கு ரெஸ்யூமே எழுதுறப்ப என்னத்த மாத்தணும்?

"கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில நாலு வருஷமா கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கேன், இமெயில், சாட் ரெண்டும் பார்க்குறேன். ரிமோட் வேலைக்கு இதுவரைக்கும் 60 இடத்துக்கு மேல அப்ளை பண்ணிட்டேன், ஒரு இன்டர்வியூ கூட வரல. ரெஸ்யூமேல குட் கம்யூனிகேஷன், செல்ஃப் மோட்டிவேட்டட், எந்த டைம் ஜோனுக்கும் ரெடி எல்லாம் போட்டிருக்கேன். வேற என்ன போடணும்?"

நான் ஏழு வருஷமா வீட்டுல இருந்தே சப்போர்ட் டீம்ல வேலை பார்க்குறேன், அதுல கடைசி மூணு வருஷம் புது ஆள் எடுக்குறப்ப வர்ற ரெஸ்யூமேவ முதல்ல படிக்கிறது என் வேலை. அந்தப் பக்கத்துல உக்காந்து பார்த்ததை வச்சு சொல்றேன்.

ரெஸ்யூமேவ தொடுறதுக்கு முன்னாடி அந்த 60 விளம்பரத்தையும் ஒரு தடவை திரும்பப் பாருங்க. ரிமோட்னு போட்டிருந்தா உலகத்துல எங்க இருந்தும் எடுப்பாங்கன்னு அர்த்தம் இல்ல. நிறைய விளம்பரத்துல கீழ சின்னதா Remote (US) இல்லன்னா Remote, EMEA அப்படின்னு இருக்கும். முதலாவது அமெரிக்காவுல இருக்குறவங்களுக்கு மட்டும், சம்பளம், வரி, தொழிலாளர் சட்டம் எல்லாம் அந்தந்த நாட்டுக்குத் தகுந்தா மாதிரி பண்ணணும்ங்கிறதால அப்படி வைக்கிறாங்க. ரெண்டாவது ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, அதுல இந்தியா கிடையாது. அதுக்கெல்லாம் எவ்வளவு நல்ல ரெஸ்யூமே அனுப்பினாலும் கதவு திறக்காது. Worldwide, ஆசிய பசிபிக் பகுதியைச் சொல்ற APAC, India இந்த மாதிரி எழுதியிருக்குறது, இல்லன்னா கான்ட்ராக்டரா எடுப்போம்னு தெளிவா சொல்றது, இதை மட்டும் தனியா எடுத்து எண்ணுங்க. 60ல எத்தனை மிஞ்சுதோ அதுதான் நீங்க உண்மையில அப்ளை பண்ண எண்ணிக்கை.

இப்ப ரெஸ்யூமேக்கு வருவோம். நேர்ல ஆபீஸ் வந்து பார்க்குற வேலைன்னா நீங்க எழுதுறது கொஞ்சம் சுமாரா இருந்தாலும் பேசிச் சமாளிச்சுக்கலாம், பக்கத்து சீட்ல கேட்டுக்கலாம். ரிமோட்ல நீங்க எழுதுறது மட்டும்தான் மத்தவங்க கண்ணுக்குத் தெரியிற நீங்க. அதனால குட் ரிட்டன் கம்யூனிகேஷன்னு ஒரு வரி போட்டா அதைப் படிக்கிறவர் அந்த வரியை நம்ப மாட்டார், அந்த ரெஸ்யூமே எப்படி எழுதியிருக்குன்னுதான் பார்ப்பார். வேர்ட்பிரஸ் டாட் காம் நடத்துற ஆட்டோமேட்டிக் மாதிரி சில கம்பெனிங்க இன்டர்வியூவையே ஸ்லாக் சாட்ல டைப் பண்ணித்தான் நடத்தியிருக்காங்க, குரலே கேட்காம. அப்படிப்பட்ட இடத்துல உங்க ரெஸ்யூமேதான் முதல் எழுத்துப் பரீட்சை.

போன வருஷம் என் சொந்தக்காரப் பையன் ஒருத்தனுக்கு இதையே உக்காந்து சரி பண்ணிக் கொடுத்தேன், அவனும் சப்போர்ட்தான், அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் ஒன்னுக்கு. அவன் ரெஸ்யூமேல அனுபவம்னு போட்டிருந்த முதல் வரி இதுதான்:

```
Responsible for handling customer queries through email and chat.
```

இந்த வரியில தப்பு ஒன்னும் இல்ல, ஆனா இதே வேலையில இருக்குற எல்லாரும் இதையேதான் எழுதுவாங்க. நான் அவன்கிட்ட கேட்டது ஒரே கேள்வி, "நீ எழுதினதுல இன்னிக்கும் மத்தவங்க எடுத்து யூஸ் பண்ற மாதிரி என்ன இருக்கு?" முதல்ல ஒன்னும் இல்லண்ணான்னான். அப்புறம் யோசிச்சுட்டு, இன்வாய்ஸ்ல ஜிஎஸ்டி வரலைன்னு தினமும் டிக்கெட் வந்துட்டே இருந்துச்சு, அதுக்கு ஸ்க்ரீன்ஷாட் போட்டு ஒரு ஹெல்ப் ஆர்ட்டிகிள் எழுதினேன், அது நல்லா போனதும் அதே மாதிரி மொத்தம் 14 எழுதிட்டேன், புதுசா சேர்றவங்களுக்கும் அதைத்தான் கொடுக்குறாங்கன்னு சொன்னான். பாருங்க, எவ்வளவு பெரிய விஷயத்தை வெளிய விட்டிருக்கான்! டிக்கெட் டூல்ல அந்த டேகைப் போட்டுத் தேடினா முன்னாடி வாரத்துக்கு 40 கிட்ட, எழுதினதுக்கு அப்புறம் 15 கிட்டன்னு வந்துச்சு. அந்த வரி இப்படி ஆச்சு:

```
Wrote 14 help articles with screenshots, now used to train new agents.
After the one on missing GST, those tickets fell from about 40 a week to 15.
```

இதுல எழுத்துத் திறமைன்னு ஒரு வார்த்தை கூட இல்ல, ஆனா படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது. சப்போர்ட்ல இருக்குற எல்லார்கிட்டயும் இந்த மாதிரி நாலஞ்சாவது இருக்கும். சாட்ல திரும்பத் திரும்ப அனுப்புற ரெடிமேட் பதில் நீங்க எழுதினதா? டெவலப்பருக்கு பக் ரிப்போர்ட் யார் எழுதுறா? கோபமா வந்த கஸ்டமருக்கு லீட் உங்களை விட்டு மெயில் எழுதச் சொல்வாரா? ஷிப்ட் முடியுறப்ப அடுத்தவங்களுக்கு நோட் எழுதுறீங்களா? இது எல்லாமே எழுத்து வேலைதான். நம்பர் தெரியலைன்னா டூல்ல போய் எண்ணிப் பாருங்க, எண்ண முடியலைன்னா நம்பர் இல்லாமயே எழுதுங்க. கற்பனையா சதவீதம் போட வேண்டாம், இன்டர்வியூல "அந்த 63 சதவீதம் எப்படிக் கணக்கு பண்ணீங்க?"ன்னு கண்டிப்பா கேட்பாங்க, நானே கேட்டிருக்கேன், அங்க முழிச்சா மத்த வரிகள் மேலயும் நம்பிக்கை போயிடும்.

எழுத்துல இன்னொன்னு, நம்ம ஊர் ஆபீஸ் இங்கிலீஷ். Kindly do the needful, revert back, PFA, prepone, I hereby declare that the above information is true... நமக்கு இது பழகினது, தப்பாவே தோணாது. வெளிநாட்டுல இருந்து உங்க ரெஸ்யூமேவ படிக்கிறவங்களுக்கு இதுல பாதி புரியாது, புரிஞ்சாலும் கஸ்டமருக்கும் இப்படித்தான் எழுதுவாரோன்னு தோணும். கடைசியில வர்ற டிக்ளரேஷன், அப்பா பேரு, பிறந்த தேதி, கல்யாணம் ஆச்சா இல்லையா, ஃபோட்டோ எல்லாத்தையும் எடுத்துடுங்க. கிடைக்கிற இடத்துல மேல சொன்ன மாதிரி ரெண்டு வரி சேர்க்கலாம்.

மாதிரி ஒன்னு காட்ட முடிஞ்சா இன்னும் நல்லது. இப்ப இருக்குற கம்பெனியோட உள் டாக்குமெண்டை மட்டும் தயவுசெஞ்சு காட்டிடாதீங்க, கஸ்டமர் பேரை அழிச்சுட்டுக் கூட வேண்டாம். அதைப் பார்க்குறவர் நாளைக்கு நம்ம டாக்குமெண்டும் இப்படி வெளிய போகும்னுதான் நினைப்பார். அதுக்குப் பதிலா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு ஆப் எடுத்துக்கோங்க, அதுல ஜனங்க மாட்டிக்கிற ஒரு இடத்துக்கு நீங்களே ஒரு பக்கத்துல ஹெல்ப் ஆர்ட்டிகிள் எழுதி நோஷன்லயோ கூகுள் டாக்ஸ்லயோ போட்டு லிங்கை ரெஸ்யூமே மேல மெயில் ஐடி பக்கத்துல வைங்க. லிங்க் லாகின் கேட்காம திறக்குதான்னு பிரவுசர்ல இன்காக்னிட்டோ விண்டோல செக் பண்ணுங்க. பர்மிஷன் கேட்டு நிக்கிற லிங்க் வாரத்துக்கு ஒன்னாவது எனக்கு வருது, அதுக்காக யாரும் ரிக்வெஸ்ட் அனுப்பிக் காத்திருக்க மாட்டாங்க.

டூல்ஸ் விஷயம் சின்னதுதான். தனியா ஒரு பெட்டி போட்டு ஸ்லாக், ஜூம், ஜிரா, ட்ரெல்லோ, வேர்ட், எக்செல்னு 20 பேரு அடுக்கினா அதுல எதை நீங்க தொட்டீங்க, எதுல வேலை பார்த்தீங்கன்னு தெரியாது. விளம்பரத்துல அவங்க கேட்டிருக்குற டூல் பேரு ரெஸ்யூமேல இருக்கணும், ஏன்னா வடிகட்டுற சாஃப்ட்வேர்ல அந்தப் பேரைப் போட்டுத் தேடுவாங்க, ஆனா அது ஒரு வேலையோட சேர்ந்து வரட்டும். ஜிரான்னு மட்டும் போடுறதுக்குப் பதிலா, கஸ்டமர் சொன்ன பிரச்சினையை நானே திரும்ப வர வச்சுப் பார்த்து, படிப்படியா ஜிரால எழுதுவேன், வாரத்துக்கு அஞ்சாறு போகும்னு ஒரு வரி. ஃப்ரெஷ்டெஸ்க்ல வேலை பார்த்திருக்கீங்க, அவங்க ஜென்டெஸ்க் கேட்குறாங்கன்னா பயப்பட வேண்டாம், ஃப்ரெஷ்டெஸ்க்ல டிக்கெட் தானா சரியான ஆளுக்குப் போற ரூல் அமைச்சேன்னு எழுதுங்க. இதைப் பண்ணத் தெரிஞ்சவருக்கு இன்னொன்னுல பட்டன் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது செல்ஃப் மோட்டிவேட்டட். இந்த வார்த்தையை அடிச்சுடுங்க. ரிமோட் கம்பெனி தெரிஞ்சுக்க நினைக்கிறது, கேட்க ஆள் இல்லாத நேரத்துல நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான். நீங்க தூங்குறப்ப லீட் முழிச்சிருப்பார், நீங்க வேலை பார்க்குறப்ப அவர் தூங்குவார், நடுவுல ஒரு பிரச்சினை வந்தா எதை நீங்களே முடிவு பண்ணுவீங்க, எதை நிறுத்தி வைப்பீங்க, நிறுத்தி வச்சா என்ன எழுதி வைப்பீங்க? இதுக்குப் பதில் உங்க பழைய வேலையிலயே இருக்கும். சனி ஞாயிறு ஷிப்ட் தனியா பார்த்திருக்கீங்களா, லீட் வேற ஊர்ல வேற நாட்டுல இருந்தாரா, 2020 லாக்டவுன்ல வீட்டுல இருந்து எத்தனை மாசம் பார்த்தீங்க? நிறைய பேர் எனக்கு ரிமோட் அனுபவமே இல்லன்னு சொல்வாங்க, நோண்டிப் பார்த்தா அவங்க டீம்ல பாதி வெளிநாட்டுல இருந்திருக்கும், ரெண்டு வருஷமா முகம் பார்க்காமயே கூட வேலை பார்த்திருப்பாங்க. அதுதான் ரிமோட் அனுபவம், அதை ரெஸ்யூமேல சொல்லணும்.

அந்தப் பையன் ஞாயித்துக்கிழமை ஷிப்ட்ல தனியா இருப்பான், முடியுறப்ப அடுத்த டீமுக்கு ஹேண்டோவர் நோட் எழுதுவான். அது எப்படி இருக்கும்னு அவனை மாதிரிக்கு ஒன்னு எழுதச் சொன்னேன், இப்படி எழுதினான்:

```
#4821 Customer can't download invoices since Monday.
Tried: other browser, other PC. Fails only on her login.
Waiting on: billing team, asked 09:40 UTC.
If she writes before 14:00 UTC: send PDF copies by email.
```

நாலே வரி. என்ன பிரச்சினை, என்ன பார்த்தாச்சு, யாருக்காக நிக்குது, நடுவுல கஸ்டமர் வந்தா என்ன பண்ணணும். இதை வாங்குற ஆள் திரும்ப ஒரு கேள்வி கூட கேட்க வேண்டாம், அவனை எழுப்பவும் வேண்டாம். வேற வேற டைம் ஜோன்ல இருக்குற டீம்ல ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு நாள் ஆயிடும், அதனால இந்த மாதிரி எழுதுற ஆள் எங்களுக்குப் பெரிய சொத்து. ரெஸ்யூமேல அவன் போட்டது, ரெண்டு வருஷம் வாரக் கடைசி ஷிப்ட் தனியா பார்த்தேன், ரீஃபண்ட் குறிப்பிட்ட தொகை வரைக்கும் நானே முடிவு பண்ணுவேன், மீதிய திங்கக்கிழமை டீமுக்கு எழுத்துல ஹேண்டோவர் கொடுப்பேன் அப்படின்னு. அவனுக்கு இன்டர்வியூ வந்த ரெண்டு இடத்துலயும் முதல் கேள்வி அந்த ஹேண்டோவர் பத்திதான்.

இனி டைம் ஜோன், இதுலதான் நம்ம ஆளுங்க ரொம்பத் தடுமாறுறாங்க. "எந்த டைம் ஜோனுக்கும் ரெடி"ன்னு போட்டா நல்லா இருக்கும்னு தோணும், ஆனா படிக்கிறவருக்கு இவர் யோசிக்காம சொல்றார், மூணு மாசத்துல உடம்பு முடியலைன்னு போயிடுவார்னு தோணும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க, அவங்க ஆபீஸ் நேரத்தோட எத்தனை மணி நேரம் ஒன்னா வரும், இதை மட்டும் சொல்லுங்க.

கணக்கு ஒன்னு போட்டுப் பார்ப்போம். மத்தியானம் 1:30ல இருந்து ராத்திரி 10:30 வரைக்கும் உங்களால நிரந்தரமா முடியும்னு வைங்க. நம்ம நேரம் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்தை விட 5:30 மணி நேரம் முன்னாடி, அதனால அது யூடிசில காலைல 8ல இருந்து சாயங்காலம் 5. லண்டன்ல கோடையில அது சரியா காலைல 9ல இருந்து 6, முழு நாளும் ஒத்துப்போகுது. குளிர்காலத்துல அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, அப்ப அவங்க 9 மணி யூடிசில 9 மணி, ஒரு மணி நேரம் குறைஞ்சு 8 மணி நேரம் வரும். நியூயார்க்ல 9 மணிங்கிறது கோடையில நமக்கு சாயங்காலம் 6:30, குளிர்காலத்துல 7:30. அப்ப கோடையில 4 மணி நேரம், குளிர்காலத்துல 3 மணி நேரம் ஒன்னா கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோன்னா கோடையில ஒரே ஒரு மணி நேரம், குளிர்காலத்துல ஒன்னுமே இல்ல, அவங்க ஆபீஸ் வர்றப்ப நீங்க மூடிட்டுக் கிளம்புறீங்க. ஆக இந்த நேரத்தை வச்சுக்கிட்டு கலிஃபோர்னியா கம்பெனி ஒன்னு நாலு மணி நேரம் ஓவர்லாப் கேட்டா அப்ளை பண்ணாதீங்க, இல்லன்னா உங்க நேரத்தை மாத்துங்க. ரெஸ்யூமேல மேல, ஊர் பேரு போடுற இடத்துல இப்படி வரும்:

```
Coimbatore, India (UTC+5:30)
Regular hours: 08:00–17:00 UTC
Overlap: 8–9 hrs with London, 3–4 hrs with New York
```

ஐஎஸ்டின்னு மட்டும் போட வேண்டாம், அயர்லாந்துக்காரங்களும் இஸ்ரேல்காரங்களும் அவங்க நேரத்துக்கு அதே மூணு எழுத்தைத்தான் போடுவாங்க. யூடிசி போட்டா குழப்பமே இல்ல. அதே மாதிரி ஜூலை மாசத்துல நியூயார்க் நேரத்தை EST-ன்னு எழுதாதீங்க, அது குளிர்கால நேரம், ஜூலைல அங்க நடக்குறது கோடை நேரமான EDT. இன்டர்வியூ நேரத்தை இந்த ஒரு எழுத்துத் தப்பால ஒரு மணி நேரம் தவறவிட்டவங்களை நான் பார்த்திருக்கேன். இன்னொரு நுணுக்கம், அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாத்தும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறுதான் மாத்தும், நடுவுல ரெண்டு மூணு வாரம் அவங்களுக்குள்ளயே வித்தியாசம் மாறிக் கிடக்கும். நம்ம ஊர்ல கடிகாரம் மாத்துறதே இல்லாததால இது நமக்கு ஞாபகத்துலயே இருக்காது. மார்ச், அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம் இன்டர்வியூ வந்தா கண்டிப்பா செக் பண்ணிக்கோங்க.

நைட் ஷிப்ட் நிஜமாவே பார்த்திருந்தா அதை வாக்குறுதியா எழுதாம நடந்ததா எழுதுங்க. அமெரிக்க கஸ்டமருக்காக ரெண்டு வருஷம் சாயங்காலம் 6:30ல இருந்து விடிகாலை 3:30 வரைக்கும் பார்த்தேன்னு அனுபவத்துக்குக் கீழ ஒரு வரி, அதோட முடிஞ்சது. அதைப் பார்க்காதவங்க அதுக்கு ரெடின்னு சொல்றதுக்கு முன்னாடி வீட்டுலயும் பேசிட்டு, ஒரு வாரம் அந்த நேரத்துல முழிச்சிருந்து பாருங்க. முடியலைன்னா ஐரோப்பா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா பக்கம் தேடுங்க, அதுல வெட்கப்பட ஒன்னும் இல்ல.

நெட், கரண்ட் விஷயம் ரெஸ்யூமேல வேண்டாம், கூட அனுப்புற மெயில்ல ஒரு வரி போதும். ஃபைபர் லைன் இருக்கு, அது போனா வேற கம்பெனி சிம்ல ஹாட்ஸ்பாட், இன்வெர்ட்டர் இத்தனை மணி நேரம் தாங்கும்னு. மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் எடுக்குற நாள் நம்ம எல்லாருக்கும் தெரியும், அன்னிக்கு லேப்டாப்பும் மோடமும் எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு ஒரு தடவை பார்த்து வச்சுக்கிட்டா அந்த வரியைத் தைரியமா எழுதலாம்.

அப்புறம் அந்த மெயில். ரெஸ்யூமேவை இவ்வளவு சரி பண்ணிட்டு மெயில்ல Dear Sir/Madam, please find attached my resume, kindly consider-ன்னு ரெண்டு வரி போட்டு அனுப்பிடாதீங்க, முதல்ல படிக்கிறதே அதைத்தான். எந்த வேலைக்கு, உங்க வேலையில இதோட நேரா ஒத்துப்போற ஒரே ஒரு விஷயம், எழுதின மாதிரியோட லிங்க், எந்த நேரத்துல இருப்பீங்க, இவ்வளவும் ஆறேழு வரியில அடங்கும். விளம்பரத்துல ஒரு சின்னக் கேள்வி கேட்டிருப்பாங்க, இல்லன்னா சப்ஜெக்ட் லைன்ல இந்த வார்த்தையைப் போடுங்கன்னு எங்கயோ நடுவுல சொல்லியிருப்பாங்க, அது முழுசா படிக்கிறீங்களான்னு பார்க்குறதுக்குத்தான் வச்சிருக்கு. நாங்களும் அப்படி ஒன்னு வைக்கிறோம், அதைப் பண்ணாம வர்ற ரெஸ்யூமேவ நான் திறக்குறதே இல்ல.

உங்க ரெஸ்யூமேல இருக்குற அனுபவப் பகுதியை மட்டும், கம்பெனி பேரு, உங்க பேரு, நம்பர் எல்லாம் எடுத்துட்டு இங்க கீழ போடுங்க, எந்த வரியை எப்படி மாத்தலாம்னு ஒவ்வொன்னா பார்த்துச் சொல்றேன்.